வாய்ச்சொல், கரார், ஆதாரம்: சித்தூர் பக்கம் நிலம் வாங்குபவர் எதை நம்பிப் பணம் கொடுக்கலாம்?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம் என எந்த ஊருக்குப் போனாலும் நிலப் பேச்சு பெரும்பாலும் தமிழில்தான் நடக்கிறது. விற்பவர் தமிழர், வாங்குபவர் தமிழர், நடுவில் நிற்கும் தரகரும் தமிழர். பேச்சு ஒத்துவந்ததும் ஒரு தொகை கைமாறும். "எழுத்து எதுக்குங்க, நாம என்ன அந்நியமா?" என்று யாராவது ஒருவர் கேட்பார். அதற்கு மேல் எழுத்தை வலியுறுத்தினால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று மற்றவர் பேசாமல் இருந்துவிடுவார். இப்படி ஆரம்பிக்கும் பேச்சுகளில் பல நல்லபடியாகவே முடிகின்றன. முடியாமல் போவதில் இழப்பு பெரும்பாலும் பணம் கொடுத்தவருக்குத்தான். அதனால் பணம் கொடுக்கும் பக்கத்திலிருந்தே இதைப் பார்க்கிறேன்.

நிலத்தை வாங்க முடிவு செய்தவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. வாய்ப்பேச்சோடு அட்வான்ஸ் கொடுப்பது, முத்திரைத்தாளில் கரார் எழுதிப் பதியாமல் வைப்பது, கராரைச் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் பதிவது, கராரே இல்லாமல் நேராகத் தீராதாரம் செய்வது. பத்திரத்தை இங்கே ஆதாரம் என்பார்கள். தமிழ்நாட்டில் கிரையப் பத்திரம் என்பதுதான் இங்கே தீராதாரம். விற்பனை உடன்படிக்கைதான் கரார். நான்கையும் ஒரே நிலத்தை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

இப்படி வைத்துக்கொள்வோம். 60 சென்ட் தென்னந்தோப்பு, சென்ட்டுக்கு 40,000 ரூபாய், மொத்தம் 24 லட்சம். வாங்குபவர் 5 லட்சம் அட்வான்ஸ் தருகிறார். பொள்ளாச்சியில் இருக்கும் தன் வீட்டை விற்று மீதியைக் கொண்டுவர ஆறு மாதம் கேட்கிறார். விற்பவர் சரி என்கிறார். நான்காவது மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து சென்ட்டுக்கு 50,000 தருவதாகச் சொல்கிறார். விற்பவருக்கு ஆறு லட்சம் கூடுதலாகக் கிடைக்கும். புதியவர் கையில் முழுப் பணத்தையும் வைத்திருக்கிறார், அடுத்த வாரமே பதிவு செய்யத் தயார். இந்த இடத்தில் நான்கு வழிகளும் நான்கு விதமாக முடியும்.

வாய்ப்பேச்சு மட்டும் இருந்தால்

வாய்வழி ஒப்பந்தம் சட்டப்படி செல்லவே செல்லாது என்று பலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. நிலத்தை விற்கிறேன் என்ற ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1990-இல் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றையும் சொன்னது. வாய்வழி ஒப்பந்தம் முழுமையாக முடிவானது, இரண்டு பக்கமும் எல்லா முக்கிய விஷயங்களிலும் ஒத்துப்போனார்கள் என்று நிரூபிக்கும் கனமான பாரம் வழக்குப் போட்டவர் மேல்தான் என்பதே அது. ஆக, வாய்ச்சொல் செல்லும். அதை நிரூபிப்பதில்தான் சிக்கல்.

நம் வாங்குபவர் நீதிமன்றத்தில் என்ன காட்டுவார்? வங்கி வழியாக 5 லட்சம் போயிருந்தால் அதைக் காட்டலாம். ஆனால் பணம் போனது மட்டும்தான் அதில் தெரியும். எதற்காகப் போனது என்று தெரியாது. விற்பவர் "அது கைமாத்து" என்று சொல்லிவிடலாம். தரகர் சாட்சி சொல்வார், ஆனால் அவருக்குக் கமிஷன் வர வேண்டியிருந்ததே என்ற கேள்வி வரும். எந்த சர்வே எண், எவ்வளவு அளவு, எந்தத் தேதிக்குள் மீதி, வங்கிக் கடன் இருந்தால் யார் அடைப்பது என்ற ஒவ்வொன்றையும் யாராவது ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். ஆறு மாதம் என்று இவர் சொல்வார். மூன்று மாதம்தான் பேசினோம், இவர்தான் பணம் கொண்டுவரவில்லை என்று அவர் சொல்வார். இந்த இரண்டாவது பதில்தான் அதிக ஆபத்து. ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரச் சொல்லிக் கேட்பவர், தான் ஆரம்பத்திலிருந்தே மீதிப் பணத்தைத் தரத் தயாராக இருந்ததைக் காட்ட வேண்டும். தேதியே தெரியாத ஒப்பந்தத்தில் தயாராக இருந்ததை எப்படிக் காட்டுவது?

அதற்குள் கோயம்புத்தூர்க்காரர் 30 லட்சம் கொடுத்துத் தீராதாரம் பதிந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 48-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஒரு சொத்தைப் பற்றிய வாய்வழி ஒப்பந்தமும் பதிவு செய்த ஆவணமும் மோதினால், பதிவு செய்த ஆவணமே மேலோங்கும் என்பது அதன் சாரம். அனுபோகம் கைமாறியிருந்து, அதுவே சட்டப்படி செல்லத்தக்க உரிமை மாற்றமாகவும் இருந்தால் மட்டும் விலக்கு. ஆனால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-ஆவது பிரிவுப்படி 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலத்தைப் பதிவு செய்த ஆவணத்தால் மட்டுமே விற்க முடியும். அதாவது 24 லட்ச ரூபாய் நிலத்தின் வாய்வழி விற்பனைக்கு அந்த விலக்கு உதவாது.

மிஞ்சுவது ஒரே வாதம்: "எங்கள் பேச்சு கோயம்புத்தூர்க்காரருக்குத் தெரிந்திருந்தது." குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, விலை கொடுத்து, நல்லெண்ணத்தோடு, முந்தைய ஒப்பந்தம் தெரியாமல் வாங்கியவரைப் பாதுகாக்கிறது. தனக்குத் தெரியாது என்று காட்டும் பொறுப்பு அவருடையதுதான். ஆனால் ஆவணங்களில் எங்கும் இல்லாத, குடிக்கடச் சான்றில், அதாவது வில்லங்கச் சான்றில் வராத ஒரு திண்ணைப் பேச்சு தனக்குத் தெரியாது என்று அவர் சொல்வது எளிது. அதை உடைப்பது கடினம்.

தோப்பில் இவர் ஏற்கெனவே காய் வெட்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் பலம் கிடைக்கும். நிலத்தில் யார் நேரடியாக அனுபோகத்தில் இருக்கிறாரோ அவருக்கு என்ன உரிமை என்று விசாரிக்க வேண்டியது பின்னால் வாங்குபவரின் கடமை. விசாரிக்காமல் வாங்கியவர் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் இதையே பெரிய பாதுகாப்பாக எண்ணிக்கொண்டு, "பூமியில நான்தான இருக்கேன், யாரு என்ன பண்ண முடியும்" என்று இருப்பவர்களைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. அனுபோகத்தில் இருப்பவரை விற்பவர் வெளியேற்றாமல் தடுக்கும் பாதுகாப்பு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவில் இருக்கிறது. அதற்கு விற்பவர் கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் வேண்டும். 2001-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த ஒப்பந்தம் பதிவும் செய்யப்பட்டிருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் தோப்புக்குள் நுழைந்தவருக்கு இது கிடைக்காது.

அட்வான்ஸ் பணமாவது திரும்பி வருமா? வரலாம். கொடுத்தது நிரூபணமாகி, வாங்குபவர் காரணமில்லாமல் பின்வாங்கவில்லை என்றால் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் சில வருடங்கள் கழித்து 5 லட்சம் திரும்பி வரும்போது அதே ஊரில் நிலத்தின் விலை எங்கே நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2015 ஜூன் முதல், நிலத்துக்கான அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. மீறினால் பணத்தை வாங்கிய விற்பவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். இரண்டு பக்கமும் விவசாய வருமானம் மட்டுமே உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. மற்ற விற்பவர்கள் அபராதத்துக்குப் பயந்தே ரொக்கம் வாங்கியதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பேச்சில் விட்டுப்போவது

மூன்றாவது ஆள் வராவிட்டாலும் வாய்ப்பேச்சு சிக்கலில் முடியலாம். விற்பவர் நல்லவராக, சொன்ன சொல் காப்பவராக இருந்தாலும் அப்படித்தான். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் இதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை.

முதலில், யார் விற்கிறார் என்ற கேள்வி. பேசியது மூத்த அண்ணன். நிலம் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது, உயில் இல்லை. அப்படியென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும், கல்யாணமாகிப் போன இரண்டு தங்கைகளுக்கும் அண்ணனைப் போலவே பங்கு உண்டு. அண்ணன் சொன்ன வாய்ச்சொல் அவர்களைக் கட்டாது. திண்ணையில் அண்ணனோடு பேசி முடித்தவர், கடைசியில் அண்ணனின் கால் பங்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்க நேரிடும். எழுத உட்கார்ந்தால் இது முதல் நாளே வெளியே வந்துவிடும். ஆதாரம் எழுதுபவர் கேட்கும் முதல் கேள்வியே, "கரம் கட்டுன ரசீது யார் பேர்ல இருக்கு, முன்னாதாரம் எங்கே?" என்பதுதான். கரம் என்பது நிலவரி, முன்னாதாரம் என்பது நிலத்தின் முந்தைய பத்திரம்.

அடுத்தது அளவு. நாம் சென்ட்டில் பேசுகிறோம். கேரள ஆவணங்களில் ஆர், சதுர மீட்டர் என்று இருக்கும். ஒரு ஆர் 100 சதுர மீட்டர், ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், 60 சென்ட் என்பது சுமார் 24.28 ஆர். ரசீதில் 23.07 ஆர் என்று இருந்தால் அது 57 சென்ட்தான். மூன்று சென்ட் குறைந்தால் 1,20,000 ரூபாய் வேறுபடும். அளந்து பார்த்து அளவுக்கேற்ற விலையா, வேலிக்குள் இருப்பது எல்லாம் மொத்தமாகவா என்பதை எழுதாமல் விட்டால், இரண்டு பேரும் நேர்மையாகவே இரண்டு விதமாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் நிலத்தின் வகை. ஆவணத்தில் நிலம் என்றிருந்தால் அது வயல், புரையிடம் என்றிருந்தால் தோட்டம் அல்லது மனை. இன்று தென்னை நிற்பதால் மட்டும் அது புரையிடம் ஆகிவிடாது. 2008-ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டப்படி தயாரித்த, டேட்டா பேங்க் என்னும் வயல் பட்டியலில் அந்த சர்வே எண் இருந்தால் வீடு கட்டுவது பெரிய பாடாகிவிடும். "வீடு கட்டலாமுங்க" என்று பேச்சில் சொன்னதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். கராரில், டேட்டா பேங்கில் இல்லை என்று விற்பவர் உறுதி சொன்னால், தவறும்போது அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க அதுவே சான்றாகும்.

பதியாத கரார்

முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்துக்கொள்வது இந்தப் பக்கத்தில் மிகப் பரவலான வழி. வாய்ப்பேச்சைவிட இது மிகவும் மேல். யார், எது, எவ்வளவு, எப்போது என்ற நான்கும் எழுத்தில் நின்றுவிடுகிறது. விலை, அட்வான்ஸ், தேதி பற்றிச் சாட்சி தேட வேண்டியதில்லை.

ஆனால் கேரளத்தில் 2013 முதல் விற்பனைக் கராரும் கட்டாயமாகப் பதிய வேண்டிய ஆவணங்களில் ஒன்று. ஆந்திரத்தில் 1999-இலும், தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலும் இதே போன்ற மாற்றம் வந்தது. ஆந்திரத்தின் குப்பம், நகரி பக்கத்துத் தமிழர்களுக்கும் இதே கவனம் தேவை. பதியாத கரார் குப்பைக்குப் போகவேண்டியதில்லை. பதிவுச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்கும் வழக்கில் அதைச் சான்றாக ஏற்க இடம் தருகிறது. தமிழ்நாட்டுச் சட்டத்தை வைத்து 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது.

அப்படியென்றால் பதிந்து என்ன பயன் என்று கேட்கலாம். நம் தோப்புக்குத் திரும்பிப் பார்த்தால் தெரியும். கோயம்புத்தூர்க்காரர் குடிக்கடச் சான்று எடுத்துப் பார்க்கிறார். பீரோவில் இருக்கும் கரார் அதில் வராது. அவர் வாங்குகிறார், பதிகிறார். அவர் தெரியாமல் வாங்கியவர் என்ற கவசம் அப்படியே இருக்கிறது. பதியாத கரார் விற்பவருக்கு எதிராகப் பலமான கருவி, மூன்றாம் ஆளுக்கு எதிராகப் பலவீனமானது. 53ஏ பாதுகாப்பும் இதற்குக் கிடையாது.

எல்லைப் பக்கத்தில் மட்டும் நடக்கும் ஒரு தவறும் உண்டு. பொள்ளாச்சியில் முத்திரைத்தாள் வாங்கி, அங்கேயே எழுதி, கொழிஞ்சாம்பாறை நிலத்துக்குக் கரார் போடுவார்கள். முத்திரைக் கட்டணம் மாநிலத்துக்குப் போக வேண்டியது. தமிழ்நாட்டுத் தாளில் எழுதியதால் கேரளத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டியதாகாது. நீதிமன்றத்தில் அதைச் சான்றாக வைக்கும் முன் குறைவான கட்டணத்தையும் அபராதத்தையும் செலுத்தச் சொல்வார்கள். பதிவும் பொள்ளாச்சியில் நடக்காது, நிலம் இருக்கும் கேரளத்தில்தான் நடக்கும்.

பதிவு செய்த கரார்

ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அட்வான்ஸ் பெரியது என்றால் என் தேர்வு இதுதான். இதனால் நிலம் வாங்குபவருக்குச் சொந்தமாகிவிடாது. விற்பனை ஒப்பந்தம் தானாக நிலத்தின் மேல் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று 54-ஆவது பிரிவே சொல்கிறது. பதிவு செய்த கரார் இருக்கிறது, இனி நிலம் என்னுடையது என்று நினைத்துக் கிணறு வெட்டத் தொடங்கக் கூடாது.

ஆனால் அது செய்யும் ஒரு வேலை மற்ற எதனாலும் முடியாது. கட்டாயமாகப் பதிய வேண்டிய ஆவணம் முறையாகப் பதியப்பட்டால், பின்னால் அந்தச் சொத்தை வாங்குபவர் எல்லோருக்கும் அது தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அவர் குடிக்கடச் சான்று எடுத்தாரா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல. கோயம்புத்தூர்க்காரர் "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் வழி அடைபட்டுவிடுகிறது. அதற்கு மேல் அவர் வாங்கினாலும், நம் வாங்குபவர் இரண்டு பேர் மேலும் வழக்குப் போட்டுத் தன் பெயருக்கு ஆதாரம் கேட்கலாம். நடைமுறையில் விஷயம் அவ்வளவு தூரம் போகாது. சான்றில் கராரைப் பார்த்ததுமே அவருடைய வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

பதியும்போது விற்பவர்கள் எல்லோரும் சப் ரிஜிஸ்ட்ரார் முன்னால் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது முறையான பவர் ஆஃப் அட்டர்னி வேண்டும். தங்கைகளில் ஒருவருக்கு விற்க விருப்பமில்லை என்றால் அன்றே தெரிந்துவிடும். அது 24 லட்சம் போன பிறகு தெரிவதைவிட எவ்வளவோ மேல். கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆவணத்தைப் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். தாமதமானால் அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம் வரை கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்த இடைவெளியில் நடப்பதற்கு யார் பொறுப்பு? எழுதிய நாளே பதிவதுதான் நல்லது.

கரார் பெரும்பாலும் மலையாளத்தில் எழுதப்படும். படிக்கத் தெரியாதவர் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும், அதுவும் விற்பவர் தரப்பு ஆள் இல்லாமல் தன் ஆள் ஒருவரிடம். குறிப்பாகக் கவனிக்க வேண்டியது தேதியும் அதைத் தவறவிட்டால் என்ன என்பதும். வாங்குபவர் தவறினால் அட்வான்ஸ் முழுவதும் போய்விடும், விற்பவர் தவறினால் அட்வான்ஸை மட்டும் திருப்பித் தருவார் என்று ஒருதலையாக எழுதும் வழக்கம் இருக்கிறது. அப்படி எழுதவிட வேண்டாம். விற்பவர் எந்தத் தேதிக்குள் முன்னாதாரத்தின் அசலையும் கரம் கட்டிய ரசீதையும் காட்டுவார், வங்கிக் கடன் இருந்தால் எந்தப் பணத்திலிருந்து அடைப்பார் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

குறித்த நாள் வந்து விற்பவர் இழுத்தடித்தால், அந்த நாளைச் சும்மா விட்டுவிடக் கூடாது. அதற்கு முன்பே வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பி, அன்று பணம் வங்கிக் கணக்கில் இருப்பதற்கான ஸ்டேட்மென்ட்டோடு பதிவு அலுவலகத்துக்குப் போவது, பின்னால் தயாராக இருந்தேன் என்று காட்ட உதவும். வழக்குப் போட, கராரில் குறித்த தேதியிலிருந்து மூன்று வருடம்தான் அவகாசம். தேதி குறிக்கவில்லை என்றால், விற்பவர் மறுத்தது தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம். "அவுங்க வீட்டுல கல்யாணம், முடிஞ்ச பிறகு கேக்கலாம்" என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டால் உரிமையே காலாவதியாகிவிடும்.

இதில் வரம்பும் உண்டு. சப் ரிஜிஸ்ட்ரார் நிலம் உண்மையில் யாருடையது என்று விசாரித்துச் சான்று தருபவர் அல்ல. முன்னால் வந்தவர் யார், ஆவணம் முறையாக இருக்கிறதா என்று பார்த்துப் பதிகிறார், அவ்வளவுதான். குடிக்கடச் சான்றும் பதிவானவற்றை மட்டுமே காட்டும். முன்னாதாரத்தின் அசலை வங்கியிலோ தனியாரிடமோ வைத்துக் கடன் வாங்கியிருந்தால் அது சான்றில் வராமல் போகலாம். அதனால் நகலை மட்டும் காட்டி "அசல் வீட்டுல இருக்கு" என்பவரிடம் அசலைப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

நேராகத் தீராதாரம்

முழுப் பணமும் கையில் இருந்து, மேலே சொன்ன எல்லாமே தெளிவாக இருந்தால் கராரே வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் ஆவணங்களைப் பார்த்து, நிலத்தை அளந்து, நேராக ஆதாரம் செய்வதுதான் மிகப் பாதுகாப்பு. காத்திருப்பு இல்லாததால் மூன்றாவது ஆள் நுழையவே இடமில்லை. ஆவணம் பார்க்கும் அந்த நாட்களுக்குள் விற்பவர் வேறு ஆளிடம் போய்விடாமல் இருக்க ஒரு சிறு தொகையை வங்கி வழியாகக் கொடுத்து, "இந்த சர்வே எண் நிலத்துக்கு, இந்த விலைக்கு முன்பணம்" என்று செய்தி அனுப்பி, விற்பவரிடமிருந்து பதிலும் வாங்கிக்கொள்ளலாம். போனாலும் தாங்கக்கூடிய தொகையாக இருந்தால் மட்டும்.

கேரளத்தில் தீராதாரத்துக்கு முத்திரைக் கட்டணம் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பேசிய விலை, அரசின் நியாய மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல் கணக்கிடுவார்கள். நம் தோப்புக்கு 24 லட்சத்தில் 1,92,000-ம் 48,000-ம் சேர்த்து 2,40,000 ரூபாய் ஆகும், எழுத்துக் கூலி தனி. இந்தச் செலவுதான் பலரை வாய்ப்பேச்சிலேயே நிறுத்துகிறது. "நியாய மதிப்பு 12 லட்சம்தான், அதையே காட்டிப் பதியலாம், 1,20,000 மிச்சம்" என்று ஆலோசனை வரும்.

இது வாய்ப்பேச்சின் இன்னொரு முகம். நிலம் பதிவாகிவிடுகிறது, ஆனால் விலையில் பாதி மட்டும் திண்ணைப் பேச்சாகவே நின்றுவிடுகிறது. பின்னால் நிலத்தில் குறை தெரிந்து பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டி வந்தால், ஆவணத்தில் இருக்கும் 12 லட்சத்துக்குத்தான் கணக்கு இருக்கும். விற்பவருக்கும் நல்லதல்ல. மீதி 12 லட்சம் வராவிட்டால், முழு விலையும் பெற்றுக்கொண்டதாகத் தானே கையெழுத்திட்ட ஆவணத்துக்கு எதிராகப் போராட வேண்டும். விலையைக் குறைத்துக் காட்டியதாக அலுவலகம் கருதினால் தனியாக நடவடிக்கையும் வரும். 1,20,000 மிச்சப்படுத்த 12 லட்சத்தை ஆபத்தில் வைப்பதை என்னால் எந்தக் கணக்கிலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆதாரம் ஆன பிறகு வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு என்னும் பெயர் மாற்றம் முடிந்து, தன் பெயரில் கரம் கட்டிய ரசீது வரும்வரை வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பணம் தயாராக இருந்தால் நேராகத் தீராதாரம். பணம் வர மாதங்கள் ஆகும் என்றால் பதிவு செய்த கரார். பதியாத கராரை, விற்பவர்களில் ஒருவர் வெளியூரில் இருந்து இன்னும் சில நாளில் வருவார் என்பது போன்ற குறுகிய இடைவெளிக்கு மட்டும், சிறிய அட்வான்ஸோடு வைத்துக்கொள்ளலாம். அவர் வந்ததும் நான்கு மாதக் கெடு தாண்டுவதற்குள் அதையே பதிந்துவிட வேண்டும். வாய்ப்பேச்சோடு ஐந்து லட்சம் என்பதை எந்தச் சூழ்நிலையிலும் நான் சொல்ல மாட்டேன், சொந்த மாமன் மச்சானாக இருந்தாலும். உறவுக்காரரிடம் எழுத்து கேட்பது சங்கடம் என்றால், "கராரைப் பதியறது கட்டாயமுங்க மாமா, சட்டம் அப்பிடி" என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மையும்கூட, யாரையும் சந்தேகப்பட்டதாகவும் ஆகாது.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. வாய்ப்பேச்சில் தோப்பை ஒப்படைத்துவிட்டு மீதிப் பணத்துக்குக் காத்திருப்பவர், வாங்குபவர் பணமும் தராமல் இறங்கவும் மறுத்தால் நிலத்தை மீட்க வழக்குக்குத்தான் போக வேண்டியிருக்கும். அதுவரை வேறு யாருக்கும் விற்பதும் கடினம். தேதியோடு கூடிய பதிவு செய்த கரார் அவருக்கும் ஒரு முடிவைக் கொடுக்கிறது.

பேச்சு முறிந்துபோனால் இரண்டு பேரும் போய்க் கராரை ரத்து செய்யும் ஆவணத்தையும் பதிந்துவிட வேண்டும். அட்வான்ஸ் திரும்பி வந்த அன்றே அதைச் செய்வது நல்லது. ரத்து பதியாவிட்டால் பழைய கரார் குடிக்கடச் சான்றில் நின்றுகொண்டே இருக்கும், அடுத்து வாங்க வருபவர் ஒவ்வொருவரும் அதைப் பற்றிக் கேட்பார்.